பத்தாம் ஆண்டு நன்றியுரை: ஓட்டல் நடத்துவோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மேற்குத் தாம்பரம் பக்கத்தில் 44 இருக்கைகள் கொண்ட ஒரு சைவ உணவகத்தை நான் நடத்திவருகிறேன். 2015 ஆவணியில் திறந்தோம். 2025 ஆவணியில் பத்தாண்டு நிறைந்தபோது, எங்களிடம் வேலை செய்யும் 17 பேரையும், நாள் தவறாமல் வரும் வாடிக்கையாளர்களில் 22 பேரையும் ஒன்றாக உட்காரவைத்து ஏழு நிமிடம் நன்றி சொல்லிப் பேசினேன். அன்று வந்திருந்தவர்கள் வழியாகச் செய்தி போய், பத்தாண்டை எட்டப்போகும் மற்ற ஓட்டல்காரர்கள் என்னிடம் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது? பத்து வருடக் கதையை வரிசையாகச் சொன்னால் போதாதா?

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். கடன் வாங்கியது, திறந்த நான்காம் மாதமே வெள்ளம் வந்தது, 2016-இல் பணத்தாள்கள் செல்லாமல் போனது, 2017-இல் சரக்கு சேவை வரி வந்தது, 2020-இல் ஊரடங்கு என்று ஆண்டுவாரியாக நான்கு பக்கம் வந்தது. இரவு கடை மூடியபின் அதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். பதினான்கு நிமிடம் ஆனது. கேட்டு முடித்ததும் அவர், "இதில் மாஸ்டர் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டார். தேடிப் பார்த்தால், மாஸ்டர் உட்பட எல்லோரும் கடைசிப் பத்தியில் ஒரு பெயர்ப் பட்டியலாக நின்றிருந்தார்கள். முன்னால் இருந்த மூன்றரைப் பக்கமும் நான் பட்ட பாடுகள். நன்றி சொல்ல எழுதிய உரை, எனக்கு நானே எழுதிக்கொண்ட வாழ்த்தாகிவிட்டிருந்தது.

அதைத் தூக்கி வைத்துவிட்டு, ஆண்டுகளின் வரிசைக்குப் பதிலாகக் கடையின் ஒரு நாளை எடுத்துக்கொண்டேன். விடியற்காலை நாலரை மணிக்கு வாசல் தெளிப்பதிலிருந்து இரவு பதினோரு மணிக்குக் கடைசிப் பாத்திரம் கவிழ்க்கப்படுவது வரை, எந்த மணிக்கு யார் கை வேலை செய்கிறதோ அந்த இடத்தில் அவரைப் பற்றிப் பேசினேன். அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லும்போது வெள்ளமும் ஊரடங்கும் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டன. வாடிக்கையாளர்களும் அதே நாளுக்குள் இடம்பெற்றார்கள். ஆறு மணிக்கு முதல் காப்பி குடிக்க வருபவரும், இரவு ஒன்பதரைக்கு ரயிலிறங்கி வந்து இட்லி கேட்பவரும் அவரவர் மணியில் வந்தார்கள். ஓட்டலில் வேலை செய்பவர்களுக்கு நேரம் என்பது மணிக்கணக்குத்தான். காலை நேரம், சாப்பாட்டு நேரம், மாலை டிபன் நேரம் என்றுதான் அவர்கள் பேசுவார்கள் என்பதால், உரையைக் கேட்கும்போது அடுத்து யார் வருவார் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. ஒருவர் முறை வருவதற்கு முன்னால் பக்கத்திலிருப்பவர் அவரை முழங்கையால் இடிப்பதை நான் மேசையிலிருந்தே பார்த்தேன்.

பத்து ஆண்டில் மாஸ்டர்தான் முதல் ஆள். அவரை முதலில் சொல்லாவிட்டால் மனம் வருந்தாதா?

வருந்தலாம். ஆகவே இரண்டு நாள் முன்பே சரக்கு மாஸ்டரிடம், உரை வேலை நேரத்தின் வரிசையில் போகிறது என்றும், அவர் மூன்றாவதாக வருகிறார் என்றும் தனியாகச் சொன்னேன். குத்துவிளக்கின் முதல் திரியை அவரை ஏற்றச் சொன்னேன். பதவி வரிசையில் போனால் அடுத்தது தோசை மாஸ்டரா, சூப்பர்வைசரா, கல்லாவில் இருப்பவரா என்ற கேள்வி எழும்; கடைசியில் நிற்பவர்கள் எப்போதும் போலப் பாத்திரம் கழுவுபவர்களாகவே இருப்பார்கள்.

எழுதுவதற்கு முன் எதைத் திரட்டிவைத்துக்கொள்ள வேண்டும்?

மூன்று வாரம் முன்பே ஆரம்பித்தேன். முதல் வேலை வருகைப் பதிவேடுகளையும் சம்பள நோட்டுகளையும் எடுத்துவைத்து, ஒவ்வொருவரும் சேர்ந்த மாதத்தைக் குறித்துக்கொண்டது. நினைவை நம்பக் கூடாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். எங்கள் காப்பி மாஸ்டர் 2017-இல் சேர்ந்தார் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் 2016 நவம்பர் இரண்டாம் வாரம் என்று இருந்தது. அந்த மாதம் 8-ஆம் தேதி இரவுதான் 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்கள் கல்லாவில் சில்லறையே இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதச் சம்பளத்தை நான் நூறு நூறாக, ஐந்து தவணைகளில் கொடுத்திருந்தது சம்பள நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தது. ஊரும் ஆளும் புதிதான இடத்தில், முழுச் சம்பளமும் கைக்கு வராத முதல் மாதத்தில், ஒரு சொல்லும் பேசாமல் அவர் ஆறு மணிக்குப் பாய்லரைப் பற்றவைத்திருக்கிறார். நான் அதை அடியோடு மறந்துவிட்டிருந்தேன். அவரைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த நோட்டுப் பக்கம் வேண்டியதைத் தந்துவிட்டது.

இரண்டாவது வேலை, ஒவ்வொருவரையும் மதிய ஓய்வில் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. "உங்கள் வேலை நடக்க வேறு யார் உதவுகிறார், அவர் வராத நாளில் என்ன ஆகிறது?" என்று கேட்டேன். அப்போது எல்லோரும் பேசினார்கள். தோசை மாஸ்டர் மாவு ஆட்டும் தம்பியைப் பற்றிச் சொன்னார். சப்ளையர்கள் மேசை துடைக்கும் அக்காவைப் பற்றிச் சொன்னார்கள். முதலாளியின் கண்ணில் படாத வேலைகள் பக்கத்தில் நிற்பவரின் கண்ணில் படுகின்றன. உரையில் நான் சொன்ன காரியங்களில் பாதிக்கு மேல் இப்படிக் கிடைத்தவைதான்.

கிடைத்ததில் ஆளுக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். "உழைப்பாளி, நேர்மையானவர், அன்பானவர்" என்று மூன்று சொல் சொன்னால் அது யாருக்கும் பொருந்தும். அவரை அது தொடாது. ஒரு நாள், ஒரு இடம், அவர் செய்த ஒரு செயல் என்று சொன்னால் அது வேறொருவருக்குப் பொருந்தாது. எழுதியதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒருவர் பெயரை மறைத்துவிட்டு அந்த வாக்கியத்தை இன்னொரு ஊழியரிடம் படித்துக் காட்ட வேண்டும். யாரைப் பற்றியது என்று அவர் உடனே சொல்லிவிட்டால் வாக்கியம் சரி.

வாடிக்கையாளர்களில் யாரை அழைப்பது, அவர்களுக்கு எதற்காக நன்றி சொல்வது?

யாரை அழைப்பது என்பதைக் கல்லாவிலிருந்து நான் முடிவு செய்யவில்லை. பெரிய தொகைக்குப் பில் போடுபவர்களைத்தான் கல்லாவுக்குத் தெரியும். சப்ளையர்களிடம் கேட்டபோது அவர்கள் வேறு ஆட்களைச் சொன்னார்கள்: ஒரே ஒரு காப்பிக்காகப் பத்தாண்டாக வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர், நிறுத்தத்திலிருந்து மாறி மாறி வந்து சாப்பிட்டுப் போகும் ஆட்டோ ஓட்டுநர்கள், சனிக்கிழமைதோறும் பேத்தியுடன் வரும் பாட்டி. இப்படித்தான் 22 பேர் சேர்ந்தார்கள். அதற்கு மேல் அழைத்திருந்தால் ஊழியர்கள் உட்கார இடம் இருந்திருக்காது.

நன்றி சொல்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "உங்கள் பேராதரவுக்கு நன்றி" என்பது கடைவாசல் பதாகையில் இருக்க வேண்டிய வரி. வாடிக்கையாளர் காசு கொடுத்தார், நாம் சாப்பாடு கொடுத்தோம். அதில் கணக்கு நேராகிவிட்டது. அந்தக் கணக்குக்கு மேல் அவர் நமக்கு என்ன தந்தார் என்பதைத் தேடிச் சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு அப்படிக் கிடைத்தவற்றில் நான் மிகவும் மதிப்பது ஒரு குறைகூறல்.

2018 கோடையில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து கல்லாவுக்கு வந்தார். மற்றவர்கள் காதில் விழாமல், "தேங்காய்ச் சட்னி திரும்பிவிட்டது, வாளியை உள்ளே எடுத்துவிடுங்கள்" என்று சொன்னார். முழுப் பில்லையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் வாளியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். லேசான புளித்த வாடை இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு முழுக் காலைக்கும் சேர்த்து ஒரே தடவையாக அரைத்துவைப்பது அதுவரை எங்கள் வழக்கம். சித்திரை, வைகாசி வெயிலில் அடுப்படிக்குப் பக்கத்தில் நாலரை மணி நேரம் இருந்த தேங்காய்ச் சட்னி தாங்காது என்பது எங்களுக்குத் தெரியாத செய்தியன்று; வசதிக்காகக் கண்டுகொள்ளாமல் இருந்தோம். அன்றைக்கு மறுநாளிலிருந்து ஐந்தரைக்கு ஒரு முறை, ஏழரைக்கு ஒரு முறை, ஒன்பதரைக்கு ஒரு முறை என்று பிரித்து அரைக்கிறோம். பழைய வாளியில் மிச்சம் இருந்தாலும் அதன் மேல் புதியதை ஊற்றுவதில்லை. அந்தப் பெரியவர் சத்தம் போட்டிருந்தால் அன்றைய வியாபாரம் கெட்டிருக்கும். பேசாமல் வேறு கடைக்குப் போயிருந்தால், யாராவது ஒரு குழந்தைக்கு வயிறு கெடும் வரை நாங்கள் விழித்துக்கொண்டிருக்க மாட்டோம். ஏழு ஆண்டு கழித்து, சட்னி அரைக்கும் மூன்று நேரங்களையும் சொல்லி அவருக்கு நன்றி சொன்னேன். அவருக்கு அந்தச் சம்பவமே நினைவில் இல்லை.

வாடிக்கையாளர்களைப் பற்றி எதைச் சொல்லக் கூடாது?

நம்மிடம் அவர்கள் மேசையில் பேசியதையும், நாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் மேடையில் சொல்லக் கூடாது. இதை நான் ஐந்தாம் ஆண்டில் தவறு செய்து கற்றுக்கொண்டேன். அன்று சிறிய அளவில் பொங்கல் கொடுத்துப் பேசியபோது, ஒரு வாடிக்கையாளர் மருத்துவமனையில் இருந்த மாதம் முழுவதும் எங்கள் கஞ்சிதான் அவருக்குப் போனது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் தம் நோயை அலுவலகத்தில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அவருடைய அலுவலக நண்பர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னிடம் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப்பின் இரண்டு மாதம் கடைப்பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒருவரைப் பற்றிச் சொல்லப்போகும் வாக்கியத்தை முன்கூட்டியே அவரிடம் படித்துக் காட்டி, சொல்லலாமா என்று கேட்டுவிடுகிறேன். மறைந்தவரைப் பற்றி என்றால் அவர் வீட்டாரிடம் கேட்கிறேன். கடன் கணக்கு, உடல்நிலை, யாரோடு வந்தார் என்பதெல்லாம் கேட்டும் சொல்லக் கூடாதவை. சப்ளையர்கள் அடையாளத்துக்காக உள்ளே வைத்திருக்கும் "பொடி தோசை சார்" போன்ற பெயர்களும் உள்ளேயே இருக்கட்டும்.

விழாவை எந்த நாளில், எந்த நேரத்தில் வைப்பது நல்லது?

திறந்த தேதியிலேயே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். எங்கள் தேதி முகூர்த்த நாளில் விழுந்தது. முகூர்த்த நாளில் வெளி ஆர்டர் இருக்கும், பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். ஆகவே பன்னிரண்டு நாள் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமையில் வைத்தோம். புரட்டாசி பிறந்துவிட்டால் சைவ ஓட்டலில் சனிக்கிழமைக் கூட்டம் தாங்காது. அதன் பிறகு தீபாவளி வந்துவிடும், ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள். எல்லோரும் கடையில் இருக்கும் நாளே விழா நாள்.

நேரம், பிற்பகல் மூன்றே கால். மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் வேலை தொடங்குவதற்கு இடையில் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். இரவு கடை மூடியபின் வைத்தால் எல்லோரும் களைத்திருப்பார்கள், வாடிக்கையாளர் வரமாட்டார். மாலை ஐந்து மணி வரை கடை இல்லை என்று இரண்டு நாள் முன்பே பலகையில் எழுதிவைத்தோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அடுக்களையில் ஓரிருவர் நிற்கவேண்டியிருக்கும் என்பதால், சிலிண்டர் வால்வு வரைக்கும் அணைத்தோம். எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தினோம். ஆண்டு முழுவதும் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தியே பேசிப் பழகியவர்கள், அது நின்றதும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

உட்காரும் முறை மிகவும் முக்கியம். நாங்கள் ஊழியர்களை வாடிக்கையாளர் உட்காரும் மேசைகளில், வாடிக்கையாளர்களோடு கலந்து உட்காரவைத்தோம். காப்பியும் கேசரியும் பரிமாறியது நானும் என் மனைவியும் மகளும். ஊழியர்கள் சுவர் ஓரமாக நின்றபடி கேட்கும் நன்றியுரையில் எனக்கு உடன்பாடில்லை.

எங்களிடம் வடமாநிலத் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியும்?

உரை முழுவதையும் மொழிபெயர்த்துக்கொண்டே போனால் நேரம் இரட்டிப்பாகும், எல்லோருக்கும் அலுப்புத் தட்டும். எங்களிடம் ஒடிசாவிலிருந்து வந்த இருவர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய பகுதியை மட்டும் அவர்கள் மொழியில் இரண்டு வாக்கியமாக எழுதிவாங்கி, தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, சரியாக உச்சரிக்க ஒரு வாரம் பழகினேன். மூத்தவர் ஆறாண்டாக இங்கே இருப்பதால் தமிழ் நன்றாகவே புரியும். இளையவருக்கு அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயரை முழுதாக, அவர் வீட்டில் அழைப்பது போலச் சொல்லுங்கள். சுருக்கிக் கூப்பிட்டுப் பழகிய பெயரை அன்று சொல்ல வேண்டாம்.

பரிசு, போனஸ் இவற்றை மேடையில் அறிவிக்கலாமா?

பரிசு கொடுக்கலாம், தொகையை அறிவிக்கக் கூடாது. பணியாண்டைப் பொறுத்து எங்கள் உறைகளில் இருந்த தொகை மாறுபட்டது. அதை மேடையில் சொன்னால் எல்லோர் மனமும் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. சட்டப்படி தரவேண்டியதை அன்பளிப்புப் போலப் பேசுவது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில் தகுதியுள்ளவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் கொடுத்தாக வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையில், ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவர் விலகும்போது பணிக்கொடை பெற உரிமை உள்ளவர். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். பணிக்கொடைக்குக் கணக்கில் வரும் சம்பளம் 13,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,500 ரூபாய், பத்தாண்டுக்கு 75,000 ரூபாய். எங்களிடம் பத்தாண்டு முடித்த மூவர் இருக்கிறார்கள். விழாவுக்கு முந்தைய வாரம் அவர்களை அழைத்து, இந்தக் கணக்கை எழுதிக் கையில் கொடுத்தேன். உரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஏனென்றால் அது அவர்கள் சம்பாதித்தது.

நீங்கள் பேசிய உரையைக் காட்ட முடியுமா?

பெயர்களை எடுத்துவிட்டு, சில பகுதிகளைச் சுருக்கித் தருகிறேன். பேசும்போது ஒவ்வொரு இடத்திலும் முழுப் பெயர் இருந்தது.

"எல்லோருக்கும் வணக்கம். மணி மூன்றே கால். இந்த நேரத்தில் இந்த மேசைகளில் நீங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நம் கடையின் ஒரு நாளை இன்று காலையிலிருந்து இரவு வரை ஒரு முறை நடந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

நாலரை மணி. ஷட்டர் பாதி திறந்திருக்கிறது. வாசல் தெளித்துக் கோலம் போடும் அக்காவை வாடிக்கையாளர்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் வருவதற்குள் அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு இந்தத் தெருவில் தண்ணீர் வந்தது. நான்காம் நாள் நான் வந்து ஷட்டரைத் தூக்கியபோது கிரைண்டர் மூழ்கும் அளவுக்குச் சேறு. எனக்கு முன்பே துடைப்பத்தோடு வந்து நின்றவர் அவர். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது என்று எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அக்கா, அன்றைக்கு உங்கள் வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வந்து நின்றதற்கு நன்றி.

ஐந்து மணி. மாவு அறை. மார்கழிக் குளிரில் மாவு பொங்காது என்று தெரிந்து, முந்தின இரவே அண்டாவை அடுப்பங்கரைப் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் படுக்கும் தம்பி இங்கே இருக்கிறார். அவர் ஒடிசாவில் பிறந்தவர். இங்கே வருவதற்கு முன் இட்லி மாவு ஆட்டியவரில்லை. இன்றைக்கு விரலால் தொட்டுப் பார்த்தே இன்னும் எத்தனை மணி நேரம் வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். உங்களில் யாராவது நம் இட்லியைப் பாராட்டியிருந்தால், அந்தப் பாராட்டு இத்தனை நாள் என்னிடம் தங்கிவிட்டது. இன்று அவரிடம் ஒப்படைக்கிறேன்.

ஐந்தரை மணி. சாம்பார் கொதிக்கிறது. நம் மாஸ்டர் பத்தாண்டில் எனக்குச் சொன்ன 'முடியாது' ஒன்றே ஒன்று. துவரம்பருப்பு விலை ஏறிய மாதத்தில், பருப்பைக் குறைத்து மாவு கரைத்து விடலாமா என்று நான் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முடியாது என்றார். மாஸ்டர், அந்தச் சொல்லுக்கு நன்றி.

ஆறு மணி. பாய்லர் சூடாகிவிட்டது. 2016 நவம்பரில் சேர்ந்த நம் காப்பி மாஸ்டருக்கு முதல் மாதச் சம்பளத்தை நான் ஐந்து தவணையாகக் கொடுத்தேன். அந்த மாதம் ஒரு நாள்கூட ஆறு மணி ஆறரையாகவில்லை. அந்தக் காப்பிக்காக அன்றிலிருந்து இன்று வரை முதல் ஆளாக வந்து நிற்கும் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நீங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்துத்தான் நாங்கள் மணியைச் சரிபார்க்கிறோம்.

பத்து மணி. இந்த நேரத்தில் ஒரு நாள் ஒரு பெரியவர், சட்னி திரும்பிவிட்டது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஐந்தரை, ஏழரை, ஒன்பதரை என்று மூன்று முறை அரைக்கிறோம். ஐயா, எங்களைத் திருத்தியதற்கும், திருத்திய பிறகு மறுநாளும் வந்ததற்கும் நன்றி.

ஒரு மணி. சாப்பாட்டுக் கூட்டம். இலை எடுத்து மேசை துடைக்கும் அக்கா ஒரு மேசையைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வேகத்தில்தான், வெளியே நிற்பவர்களின் பசி அடங்குகிறது. காய்கறி வாங்கிவரும் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். நள்ளிரவில் கிளம்பி அங்கே போய்க் காய் வாங்கிவந்து, குளித்துவிட்டுத்தான் கடைக்குள் காலடி வைப்பார். பார்சல் மட்டும் விற்ற அந்த மாதங்களில் அவர் கொண்டுவந்த காய்தான் இந்தத் தெருவில் தனியாக இருந்த பல பெரியவர்களுக்குச் சாம்பார் ஆனது.

மாலை ஆறு மணி. 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் பைகளை நிறுத்தச் சொல்லி அரசாணை நடைமுறைக்கு வந்தது. சாம்பாரை எதில் கட்டுவது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, நீங்களே வீட்டிலிருந்து தூக்குவாளியும் எவர்சில்வர் டப்பாவும் எடுத்துவந்தீர்கள். முதல் ஆளாகத் தூக்கைக் கொண்டுவந்து கல்லா மேல் வைத்த அம்மா இதோ உட்கார்ந்திருக்கிறார். நன்றி அம்மா.

பத்தரை மணி. ஷட்டர் இறங்கிவிட்டது. பின்கட்டில் இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. பாத்திரம் கழுவும் அக்காக்கள் இருவரும், அடிப்பிடித்த அண்டாவை ஊறவைத்துக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நாளும் போனதில்லை. அதனால்தான் நாலரை மணிக்கு வருகிறவர்களால் உடனே வேலையைத் தொடங்க முடிகிறது. உங்கள் கைகளில் ஆண்டு முழுவதும் ஆறாமல் இருக்கும் வெடிப்புகளை நான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. இந்த மாதத்திலிருந்து கையுறையும் வெந்நீர்க் குழாயும் வந்துவிடும்.

இன்றைக்கு யாரும் எழுந்திருக்க வேண்டாம். காப்பி வருகிறது, நாங்கள் கொண்டுவருகிறோம்."

வேலையை விட்டுப் போனவர்களையும், சண்டை போட்டுப் போனவர்களையும் சொல்ல வேண்டுமா?

போனவர்களைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் முதல் தோசை மாஸ்டர் 2018-இல் விலகிச் சொந்தமாகக் கடை வைத்தார். அவரை அழைத்து மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். மனக்கசப்போடு போன ஒருவரையும் உரையில் சொன்னேன். அவர் செய்த வேலையை ஒரு வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டேன். பிரிந்த காரணத்தைத் தொட்டால், நம் பக்கத்து நியாயம் எப்படியும் அந்த வாக்கியத்துக்குள் நுழைந்துவிடும்.

தாளைப் பார்த்துப் படித்தால் மரியாதைக் குறைவாக இருக்காதா?

பெயரையும் ஆண்டையும் தவறாகச் சொல்வதுதான் மரியாதைக் குறைவு. நான் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கையில் வைத்திருந்தேன். ஒவ்வொருவர் பகுதியையும் தொடங்கும் முன் தாளைப் பார்த்தேன். நன்றி என்ற சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். குரல் தழுதழுத்த இரண்டு இடங்களில் தாள் இருந்ததால்தான் தொடர முடிந்தது.

எவ்வளவு கவனமாக இருந்தும் ஒருவர் பெயர் விடுபட்டுவிட்டால் என்ன செய்வது?

எனக்கும் விடுபட்டது. இரவு எட்டிலிருந்து பத்து வரை மட்டும் பார்சல் கட்ட வரும் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். மாலை ஆறு மணியிலிருந்து பத்தரைக்குத் தாவியபோது அவருடைய இரண்டு மணி நேரத்தை நான் தாண்டிவிட்டேன். பேசி முடித்துக் காப்பி கொண்டுபோகும்போது, அவர் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் மற்றவர்களுக்கு நன்றி எல்லோர் முன்னிலையிலும் கிடைத்தது. அவருக்கு மட்டும் தனியறையில் கிடைப்பது சரியன்று. அன்று இரவு கடை மூடியபின் ஊழியர்கள் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தபோது எழுந்து நின்று, என் தவறைச் சொல்லி, விடுபட்ட பகுதியைப் பேசினேன். உரையின் பிரதி ஒன்றை ஒவ்வொருவருக்கும் மறுநாள் கொடுப்பதாக இருந்தது. அதை நிறுத்திவைத்து, மாலை ஆறுக்கும் இரவு பத்தரைக்கும் நடுவில் அவருடைய மணியைச் சேர்த்து மறுபடி அச்சிட்டேன். அவர் பகுதி "எட்டு மணி" என்று தொடங்குகிறது. சூடான சாம்பாரை வாழையிலை வைத்துக் கட்டும்போது சுட்டுக்கொண்ட விரலோடு மறுநாள் தேர்வு எழுதப் போனதை அது சொல்கிறது.